ஹோட்டல் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கு விதிமுறைகள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்க வருபவர்கள், இரவு திரும்பும் நேரம், சுத்தம், பொது இடங்கள் எல்லாம் அதில் வர வேண்டும். படிப்பவர் மனம் நோகாத எளிய தமிழில் எப்படி எழுதுவது?

எழுத உட்காரும் முன் டியூட்டி ரோஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ்கீப்பிங்கில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு குவார்ட்டர்ஸ் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் மாணவர் விடுதி விதிகளைக் கொஞ்சம் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். விடுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். ஹோட்டலில் காலை 7 முதல் 3, மதியம் 3 முதல் 11, இரவு 11 முதல் 7 என்று மூன்று ஷிப்ட் ஓடுகிறது. பகல் 11 மணிக்கு நைட் டியூட்டி முடித்தவர் தூங்குவார், இரவு 11 மணிக்குக் காலை ஷிப்ட்காரர் தூங்குவார். எந்த நேரம் உள்ளே போனாலும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும் கட்டடம் அது. இதை மனதில் வைத்து எழுதினால் நீங்கள் கேட்ட நான்கு விஷயத்துக்கும் விதி தானாக வந்துவிடும்.

இரவு நேரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அதிகமாக மனக்கசப்பு வருவது அதில்தான். நான் பொறுப்பேற்றபோது இருந்த விதி இது: "இரவு 10:30 மணிக்குள் அனைவரும் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." ஒரு நாள் பேங்குவெட்டில் பெரிய விருந்து. சாமான்களை எண்ணி ஒப்படைத்து, மேஜைகளை மடக்கிவிட்டு ஒரு ஸ்டூவர்டு தம்பி டியூட்டி முடிந்ததாகப் பஞ்ச் செய்தபோது மணி 1:15. வந்து பார்த்தால் கேட் பூட்டியிருக்கிறது, வாட்ச்மேன் பின்பக்கம் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார். முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். காலையில் அவன் பெயர் தாமதப் பட்டியலில் இருந்தது, மெமோவும் வந்தது. அவன் சண்டை போடவில்லை, பஞ்ச் நேரத்தை மட்டும் காட்டினான். அந்தத் தாளைப் பார்த்த அன்றே விதியை மாற்றினோம்.

மாற்றி எழுதியது இப்படி: "டியூட்டி உள்ள நாளில், பஞ்ச் செய்த நேரத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுங்கள். வார விடுமுறை நாளில் இரவு 11:00 மணிக்குள் வந்துவிடுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் வாட்ச்மேனுக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள். ராத்திரி தங்காமல் ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்பும்போது கேட் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்."

இதில் நடவடிக்கை என்ற சொல்லே இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அங்கே தங்குபவர்கள் வளர்ந்தவர்கள், அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது நம் கேள்வி அல்ல. கேட் நோட்டு எதற்கு என்றால், நடு இரவில் தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அந்தக் காரணத்தையும் விதிக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதுங்கள்: "அவசர நேரத்தில் உள்ளே யார் யார் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எல்லோரையும் பத்திரமாக வெளியே கொண்டுவர முடியும்." இந்த வரியைச் சேர்த்த பிறகு நோட்டில் கையெழுத்துப் போட யாரும் முகம் சுளிக்கவில்லை. நிர்வாகத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. இரவில் கேட்டையோ படிக்கட்டுக் கதவையோ பூட்டினால், சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி தாழ்ப்பாள் இருக்க வேண்டும். ஆளை உள்ளே வைத்து வெளியில் பூட்டுப் போடும் வழக்கம் எங்கே இருந்தாலும், விதி எழுதுவதற்கு முன் அதை நிறுத்துங்கள்.

"சனிக்கிழமை இரவு 12:30" என்று மட்டும் எழுதினால் அது சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று குழப்பம் வரும். "சனிக்கிழமை டியூட்டி முடிந்து வரும்போது" என்று எழுதினால் குழப்பமே இல்லை.

பார்க்க வருபவர்கள் விஷயத்தில் முதலில் "வெளியாட்கள்", "அந்நியர்" என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். வருவது ஒருவருடைய அம்மாவாக இருக்கலாம். "உங்களைப் பார்க்க வரும் உறவினர்களையும் நண்பர்களையும் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை கீழே உள்ள பொது அறையில் சந்திக்கலாம். கேட் நோட்டில் அவர்கள் பெயரும் வந்த நேரமும் எழுதச் சொல்லுங்கள். படுக்கை அறைக்கு அழைத்துப் போக வேண்டாம், அங்கே யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்." இவ்வளவு போதும். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி வாட்ச்மேனிடம் சொல்லுங்கள், வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். தூரத்திலிருந்து பெற்றோர் வந்து ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்தால் என்ன வழி என்பதையும் எழுதுங்கள். இடம் இருந்தால், "2 நாள் முன்பே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று எழுதலாம். இடம் இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. அறையில் தூக்கத்தைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவர்கள் அல்ல, பக்கத்து அறை நண்பர்கள்தான். விடுமுறையில் இருப்பவர் நான்கு பேரைக் கூட்டி வைத்துப் போனில் மேட்ச் பார்ப்பார், மேல் கட்டிலில் நைட் டியூட்டிக்காரர் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு கிடப்பார். அதனால் பக்கத்து அறைக்காரரும் படுக்கை அறைக்கு விருந்தாளிதான் என்று ஒரு வரி சேர்த்தோம். அறைக் கதவில் ஒரு ஆணி அடித்து, "நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறார்" என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டோம். அது தொங்கினால் உள்ளே விளக்குப் போடுவதில்லை, போனுக்கு ஹெட்போன். அந்த அட்டை செய்ததை என் பழைய சுற்றறிக்கைகள் எதுவும் செய்யவில்லை.

சுத்தத்தில் நான் பட்டுக் கற்ற பாடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "அறையைச் சுத்தமாக வைத்திருக்காதவர்களுக்கு அபராதம்" என்று ஒரு வரி எங்கள் பலகையில் இருந்தது. ஒரு பையன் தன் மெத்தைத் தையலில் மிளகுப்பொடி சிதறியதுபோல் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறான். கையிலும் வரிசையாகத் தடிப்பு. மூட்டைப்பூச்சி என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் சொன்னால் தன்னை அழுக்கானவன் என்று அபராதம் போடுவார்கள் என்று பயந்து மூன்று வாரம் சொல்லவில்லை. கடைசியில் மெத்தையை யாருக்கும் தெரியாமல் வராந்தா வழியாக இழுத்துப்போய் மொட்டை மாடியில் வெயிலில் போட்டான். அடுத்த மாதம் மூன்று அறையில் பூச்சி.

மூட்டைப்பூச்சி அழுக்கால் வருவதில்லை. பையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு எந்தச் சுத்தமான அறைக்கும் வரும், ஹோட்டலில் விருந்தினர் அறை லினனைக் கையாளுபவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகவே இதற்கான விதி தண்டனையாக இருக்கக் கூடாது, உடனே சொல்ல வைப்பதாக இருக்க வேண்டும். "மெத்தையில் கறுப்புப் புள்ளியோ பூச்சியோ கண்டால் அன்றே சொல்லுங்கள். இது உங்கள் தவறு அல்ல. மெத்தையையும் துணியையும் வேறு அறைக்கு எடுத்துப் போக வேண்டாம்." அதன் பிறகு செய்ய வேண்டியது நம் வேலை. படுக்கை விரிப்பு, துணிகளை அறைக்குள்ளேயே பையில் கட்டி, அப்படியே லாண்டிரிக்கு எடுத்துப்போய் 60 டிகிரி தண்ணீரில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். கட்டிலின் ஸ்க்ரூ ஓட்டைகளையும் மூட்டுகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், இருபக்க அறைகளையும் சேர்த்து. ஒரு தடவை மருந்தடித்தால் முட்டைகள் தப்பிவிடும், அவை பொரிந்து வரும் நேரத்தில், சுமார் இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் ஆளைக் கூப்பிட வேண்டும்.

மற்றபடி சுத்தத்துக்கு "சுத்தமாக வைக்கவும்" என்று எழுதிப் பயனில்லை, ஆளுக்கு ஆள் சுத்தம் வேறு. செயலையும் நேரத்தையும் எழுதுங்கள்: "ஈர யூனிஃபார்மைக் கட்டிலில் தொங்கவிடாமல் கொடியில் போடுங்கள்." "சாப்பிட்ட தட்டைத் தூங்கப் போகும் முன் கழுவிவிடுங்கள்." "படுக்கை விரிப்பை ஞாயிற்றுக்கிழமை மாற்றித் தருவோம், பழையதை வாசலில் வையுங்கள்."

பொது இடங்களில் பிரச்சினை எங்கே என்று கேட்டால் குளியலறை வாசல்தான். எங்களிடம் ஒரு தளத்தில் 2 குளியலறை, காலை ஷிப்டுக்கு 8 பேர். 5:30 முதல் 6:30 வரை ஒரு மணி நேரம், இரண்டு அறைக்கும் சேர்த்து 120 நிமிடம். ஆளுக்கு 15 நிமிடம் வருகிறது, தாராளம். இருந்தும் தினமும் சண்டை. நின்று கவனித்தபோதுதான் தெரிந்தது, டியூட்டி இல்லாத இருவர் அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்து துணி துவைக்கிறார்கள். "காலை 5:30 முதல் 6:30 வரை குளியலறை காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு. துணி துவைப்பதை 8 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற இரண்டு வரியில் சண்டை நின்றது. உங்கள் இடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து ஆளுக்கு 6, 7 நிமிடம்தான் வருகிறது என்றால், அது விதியால் தீராது. குளியலறை போதவில்லை என்று மேலே எழுதிக் கொடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கும் டப்பாவில் பெயரும் தேதியும். அயர்ன் பாக்ஸ் பொது மேஜையில் மட்டும், மெத்தைமேல் வேண்டாம்.

மொழி பற்றி இரண்டு வார்த்தை. "வேண்டும்", "கூடாது" என்று அடுக்குவதைவிட "செய்யுங்கள்", "வேண்டாம்" காதுக்கு இதமாக இருக்கும். "கூடாது" என்பதை உயிருக்கு ஆபத்தான இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: அறையில் அடுப்பு பற்றவைப்பது, படிக்கட்டில் பெட்டி அடுக்குவது. "உரிய அனுமதி பெற்று" என்று எழுதாமல் யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைசியாகச் சேர்ந்த ஒருவரை, முடிந்தால் தமிழ் சரளமாக வராத ஒருவரை, உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். "ராத்திரி 1 மணிக்கு டியூட்டி முடிகிறது, இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.