நினைவுப் படத்துக்கு மாலை: நிழலும் ஓரமும் இயல்பாக வர

கேள்வி: தாத்தாவின் பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்கு ஃபோட்டோஷாப்பில் சம்பங்கி மாலை போட்டேன். வெட்டி ஒட்டியது போலவே தெரிகிறது. நிழலும் ஓரமும் நிஜம் போல வர என்ன செய்வது?

மாலையைத் தாத்தாவின் கழுத்தில் போடாதீர்கள், ஃபிரேமின் மேல் தொங்கவிடுங்கள். கழுத்தில் போட்டால் அந்தப் பழைய படத்தின் வெளிச்சம், மங்கல், புள்ளி எல்லாம் மாலைக்கும் வந்தாக வேண்டும். ஃபிரேமில் தொங்கும்போது மாலை படத்துக்கு முன்னால் இருக்கும் வேறொரு பொருள். அது கூர்மையாகவும் கலராகவும் இருந்தால் யாருக்கும் உறுத்தாது. படத்தில் ஃபிரேம் இல்லையென்றால் நேராக நின்று எடுத்த ஒரு ஃபிரேம் படத்தை முதலில் சேர்த்துவிடுங்கள்.

பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது நிழல்தான். Drop Shadow போட்டால் மாலை முழுக்க ஒரே தூரத்தில் ஒரே மங்கலோடு நிழல் விழும். அதனால்தான் மாலை அந்தரத்தில் மிதப்பது போலத் தெரிகிறது. நிஜத்தில் மாலை ஃபிரேமின் மரச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அங்கே நிழல் ஒட்டினாற்போல, அடர்த்தியாக இருக்கும். கண்ணாடியோ சட்டத்தைவிடச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஆகவே சட்டத்தைத் தாண்டிக் கண்ணாடியில் விழும் இடத்தில் நிழல் ஒரு படி விலகி, கொஞ்சம் மங்க வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பில் வரும் இந்தச் சின்னத் தாவல் ஒன்றே மாலை நிஜமாகத் தொங்குகிறது என்று கண்ணை நம்ப வைத்துவிடும்.

உங்கள் படம் 12×18 அங்குலம், 300 ppi என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 12 பிக்சல். வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து வருகிறது. மாலையின் வடிவத்தை மாலைக்குக் கீழே ஒரு புது லேயரில் நிரப்பி, Multiply வையுங்கள். சுத்தக் கருப்பு வேண்டாம், சட்டத்தின் மிக இருண்ட பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த லேயரை வலப்பக்கம் கீழாக 6 பிக்சல் நகர்த்தி, Gaussian Blur 4 கொடுத்து, சட்டத்தின் மேல் மட்டும் தெரியும்படி மாஸ்க் போடுங்கள். ஒளிபுகாமை 60 சதவீதம் போதும். அப்புறம் நகர்த்துவதற்கு முன்னிருந்த வடிவத்தின் இன்னொரு நகலை எடுத்து 50 பிக்சல் நகர்த்தி, மங்கலை 15 ஆக்கி, கண்ணாடிப் பகுதிக்குள் மட்டும் தெரிய விடுங்கள். இதற்கு 35 சதவீதம் சரியாக இருக்கும். கண்ணாடி நிழலுக்கு, அடியில் இருக்கும் படத்தின் சாம்பல் நிறத்திலிருந்து ஒரு இருண்ட சாயலை எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சுவரில் மாட்டிய படம் பெரும்பாலும் மேல்பக்கம் முன்னே சாய்ந்திருக்கும், மாலையோ செங்குத்தாகத் தொங்கும். அதனால் கீழே போகப் போக மாலைக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி கூடும். கண்ணாடி நிழலின் கீழ்ப்பாதியை Distort மூலம் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் இழுங்கள். அதே நிழலை இன்னும் மங்கலாக்கிய ஒரு நகலையும் வைத்து, இரண்டுக்கும் எதிரெதிர் கிரேடியன்ட் மாஸ்க் போட்டால் மேலே கூர்மையாகத் தொடங்கிக் குஞ்சத்தருகே கரைந்துவிடும்.

மாலையின் ஒரு பாதியை நகலெடுத்துத் திருப்பி மறுபாதி ஆக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். திருப்பிய பக்கத்தில் வெளிச்சமும் திரும்பிவிடும். மாலையின் மேல் ஒரு Curves லேயரைக் கிளிப் செய்து, வலப்பக்கச் சரத்தின் வலது ஓரத்தை மெல்ல இருட்டாக்குங்கள், இடது ஓரத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். ஒரே பூ இரண்டு பக்கமும் அதே உயரத்தில் வராதபடி நாலைந்து பூக்களை இடம் மாற்றிவிடுங்கள்.

ஓரம். சம்பங்கி வெள்ளை என்பதால் பழைய பின்னணியின் நிறம் இதழ் விளிம்பில் ஒட்டிக்கொண்டே வரும். Select and Mask-ல் Shift Edge-ஐ மைனஸ் 20 வாக்கில் வைத்து, அரை பிக்சல் Feather கொடுங்கள். மிச்சமிருக்கும் நிறத்துக்கு, கிளிப் செய்த புது லேயரை Color முறையில் வைத்து, இதழின் உட்புறத்து நிறத்தை எடுத்து விளிம்பில் தடவுங்கள். எல்லா ஓரமும் ஒரே கூர்மையில் இருந்தால் கத்தரியால் வெட்டியது போலத்தான் இருக்கும். முன்னால் நிற்கும் இதழ்களை அப்படியே விட்டு, பின்பக்கம் வளையும் பூக்களின் மாஸ்க் ஓரத்தை மட்டும் Blur கருவியால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பூக்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே பழைய பின்னணி ஒட்டிக்கொண்டிருந்தால் மற்றதெல்லாம் வீண்.

முடித்ததும் எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் வைத்து, இருட்டுப் பகுதியை நன்றாக மேலே தூக்கிப் பாருங்கள். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத வெளிர்க்கோடும், நிழல் திடீரென்று நின்றுபோன இடமும் அப்போது அப்பட்டமாகத் தெரியும். அவற்றைச் சரிசெய்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.