மண் நைட்ரஜன் கணக்கு நூறு மடங்கு வருகிறது

"எக்டேருக்கு ஆண்டுக்கு மண் கரிமம் 600 கிலோ, நைட்ரஜன் 60 கிலோ குறைந்திருக்கிறது. CO2e ஆக்கினால் நைட்ரஜன் மட்டுமே 25,740 கிலோ வருகிறது. எங்கே தவறு?"

60 கிலோ நைட்ரஜனையும் நைட்ரஸ் ஆக்சைடாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். கனிமமாகும் நைட்ரஜனில் மிகச் சிறு பங்குதான் அப்படிப் போகும். மீதியைப் பயிர் எடுக்கும், நீரில் கரைந்து இறங்கும், அல்லது வேறு வாயுவாகப் போகும். அந்தப் பங்குக்கு ஐபிசிசி 2006 வழிகாட்டியின் பொது மதிப்பு 0.01. உங்கள் தாளில் அந்தக் காரணி விடுபட்டிருக்கும்.

```
C: 600 × 44/12 = 2200
N: 60 × 0.01 × 44/28 × 273 = 257
```

மொத்தம் எக்டேருக்கு ஏறத்தாழ 2,457 கிலோ. இந்த அளவு கரிம இழப்பில் நைட்ரஜன் பகுதி கரிமப் பகுதியில் எட்டில் ஒன்றுக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் காரணியைத்தான் முதலில் பாருங்கள்.

273 என்பது நைட்ரஸ் ஆக்சைடின் புவி வெப்பமாக்கும் திறனுக்கு ஐபிசிசி ஆறாம் அறிக்கை தரும் மதிப்பு, ஐந்தாவதில் 265. அறிக்கை கேட்பவர் எதைக் கேட்கிறாரோ அதையே எல்லா வரிகளிலும் போடுங்கள். 2006 வழிகாட்டியின் 2019 திருத்தத்தில், இப்படி மண்ணிலிருந்து கனிமமாகும் நைட்ரஜனுக்கு ஈரக் காலநிலையில் 0.01க்குப் பதில் 0.006 உண்டு.

இன்னொன்று: கரிமம் கூடிய வயல்களில் நைட்ரஜன் வரியைக் கழித்தலாக்காதீர்கள், பூஜ்யம் போடுங்கள். மண்ணில் சேரும் நைட்ரஜனுக்கு வரவு கிடையாது. நீரில் இறங்கும் நைட்ரஜனால் வரும் மறைமுக உமிழ்வு மேலே சேரவில்லை, அதற்குத் தனி வரி வேண்டும்.