மேப்பிள் சிவந்தால் மரம் சாகிறது என்று அர்த்தமில்லை

“அண்ணா, ஓகஸ்ட்டில்தான் ஸ்கார்பரோவுக்கு வந்தேன். வாடகை வீட்டின் முன்வளவில் பெரிய மேப்பிள் ஒன்று நிற்கிறது. செப்டம்பர் பிறந்ததுமே ஒரு கிளை மட்டும் சிவந்துவிட்டது, மற்றதெல்லாம் பச்சை. மரம் சாகிறது, வெட்டப் போகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா? குளிர் உடுப்பு எங்கே வாங்கலாம், எப்போது வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.”

தம்பி, அவரை வெட்ட விடாதீர்கள். உடுப்பைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றிப் பத்துப் பேர் இருப்பார்கள். மரத்தைப் பற்றிச் சொல்லத்தான் நம்மவர்களில் ஆள் குறைவு.

நான் இங்கே வந்து இறங்கியது நவம்பரில். தெரு முழுக்க மொட்டை மரங்கள். உணவகச் சமையலறையில் என்னோடு வேலை செய்த இத்தாலிய முதியவர் ஒருவர், வேலை முடிந்து போகும் வழியில் ஒரு சுள்ளியை வளைத்து நுனியைக் காட்டினார். அடுத்த வசந்தத்துக்கான மொட்டு, செதில் மூடி, அங்கே தயாராக இருந்தது. அது கோடையிலேயே உருவாகிவிடும் என்றார். அன்று தொடங்கிய ஆர்வம் இன்னும் விடவில்லை.

இலையுதிர்ப்பு, உயிருள்ள மரம் தானே செய்கிற வேலை. பகல் குறுகத் தொடங்கியதும் மரம் இலையின் பச்சையத்தையும் புரதங்களையும் சிதைத்து, நைதரசனில் ஏறக்குறையப் பாதியைக் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. கோடை முழுவதும் இலைக்குள் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி முன்பே இருந்ததன்று. இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு மரம் அந்தோசயனின் என்ற நிறமியைப் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத அளவு குளிரும் இருக்கும் ஆண்டுகளில் சிவப்பு தூக்கலாக இருப்பது இதனால்தான். கடும் உறைபனி முன்கூட்டியே விழுந்தால் இலை நிறம் மாறாமலே கருகிப்போகும்.

இதற்கிடையில் காம்பின் அடியில் மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று பிரிவதற்குத் தயாராகிறது. இலையிலிருந்து வரும் ஒக்சின் என்ற வளர்ச்சி ஓமோன் குறையக் குறைய அந்த அடுக்கின் சுவர்கள் கரைகின்றன. காற்று அடித்ததும் இலை விழுகிறது, தழும்பு மூடிக்கொள்கிறது. கோடையில் முறிந்து காய்ந்த கிளையால் இதைச் செய்ய முடியாது. அதில் பழுப்பு இலைகள் குளிர்காலம் முழுவதும் தொங்கும், இழுத்தாலும் எளிதில் வராது. இளம் ஓக், பீச் மரங்கள் மட்டும் உயிரோடிருந்தும் காய்ந்த இலையைப் பிடித்து வைத்திருக்கும், உங்களுடையது மேப்பிள்.

ஒரு கிளை மட்டும் முந்திச் சிவந்தால் அந்தக் கிளைக்கு ஏதோ தொல்லை என்று பொருள். அதன் பட்டை காயப்பட்டிருந்தால், இலையில் செய்த சர்க்கரை கீழே இறங்க வழியின்றித் தேங்கும். தேங்கிய சர்க்கரை சிவப்பாகும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வெடிப்போ கம்பிக் கட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சுள்ளியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சையும் நுனியில் பருத்த மொட்டும் இருந்தால் கிளை உயிரோடுதான் இருக்கிறது. முழு மரமும் ஓகஸ்ட்டிலேயே சிவந்தால்தான் வேரைச் சந்தேகிக்க வேண்டும்: வறட்சி, குழாய்க்குத் தோண்டிய பள்ளம், அடிமரத்தைச் சுற்றி நெரிக்கும் வேர்.

இலையை உதிர்க்காமல் நின்றால் என்ன ஆகும் என்பதை, ஏரிக்கு அப்பால் பஃபலோ நகரம் 2006 ஒக்டோபரில் கண்டது. இலைகள் இன்னும் நிற்கையில் ஈரப் பனி அரை மீட்டருக்கு மேல் கொட்டியது. அகன்ற இலைகள் பனியைத் தாங்கிப் பிடிக்க, கிளைகள் பிளந்து விழுந்தன, மின்கம்பிகளும் அறுந்தன. ஜனவரியில் அதே பனி மொட்டைக் கிளைகளுக்கிடையே பெரும்பாலும் வழுகி விழுந்திருக்கும்.

வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், சொந்த வளவில் நின்றாலும் டொரொண்டோ நகரசபையின் அனுமதியின்றி வெட்ட முடியாது. தெருவோர மரமென்றால் அது நகரசபையுடையது. நம்மவர்கள் பலர் வீடு வாங்கியதும் முன்மரத்தை வெட்டிக் கல் பதித்துக் கார் நிறுத்துகிறார்கள். பிறகு ஜூலையில் வீடு கொதிக்கிறது என்கிறார்கள். எனக்கு அது பொறுக்காத விஷயம்.

நிறம் பார்க்க விரும்பினால் செப்டம்பர் கடைசியில் அல்கோன்குயின் காட்டுக்குப் போங்கள். நம்மவர்கள் வழக்கமாக ஒக்டோபர் நன்றியறிதல் விடுமுறைக்குத்தான் புறப்படுகிறார்கள். அதற்குள் அங்கே சர்க்கரை மேப்பிள்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், மஞ்சள் ஆஸ்பென்கள்தான் மிஞ்சும். தெற்கே ஸ்கார்பரோவில் அப்போதுதான் சிவப்பு ஏறத் தொடங்கும்.