எட்டுச் சீட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கிய பிறகு

"மெத் என்ற போதைப்பொருள் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுபவர் ஐந்தாம் வாரச் சிறுநீர்ச் சோதனையில் பிடிபட்டார். சோதனையில் தேறும்போதெல்லாம் அவர் எடுக்கும் பரிசுச் சீட்டு எட்டிலிருந்து ஒன்றானது. இனி வரமாட்டேன் என்கிறார். விதியைத் தளர்த்தலாமா?"

இறக்கம் இருக்கட்டும், ஏறும் வழியைச் சுருக்குங்கள். கலிபோர்னியாவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகாலின் இதேபோன்ற திட்டத்தில் பிடிபட்டால் பரிசுத் தொகை தொடக்கநிலையான 10 டாலருக்கு இறங்கும். தொடர்ந்து இரண்டு சோதனைகளில் தேறினால் பழைய நிலை திரும்பும். உங்களவருக்கும் அப்படியே: திங்கள் தேறினால் ஒரு சீட்டு, வியாழனும் தேறினால் பழைய எட்டு. இதை இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். ஏற்கெனவே வென்றது அவருடையதே என்பதையும் சொல்லுங்கள். பலர் அதுவும் போய்விட்டதென்றே நினைக்கிறார்கள்.

பிடிபட்ட மறுநாளே சோதிக்காதீர்கள். மெத் சிறுநீரில் சில நாள் தங்கும். ஒரே பயன்பாட்டுக்கு இருமுறை தண்டித்ததாகிவிடும். முடிவு தெரிந்தவுடன், அவர் இருக்கையை விட்டு எழுவதற்குள் சீட்டெடுக்க விடுங்கள். அடுத்த வாரம் தருகிறோம் என்றால் பரிசின் பிடி தளர்ந்துவிடும்.