வெள்ளிக்கிழமை ரிலீஸ், செவ்வாய்க்கிழமை யூபிஐ: டெஸ்டர் என்ன மெயில் எழுதுவது?

கேள்வி: அக்கா, வெள்ளி 21 ரிலீஸ். இன்று செவ்வாய் மாலை, செக்அவுட்டில் யூபிஐயும் சேர்க்கச் சொல்கிறார் பிராடக்ட் மேனேஜர். டெஸ்டர்கள் இரண்டே பேர். எப்படி மறுத்து எழுதுவது?

பதில்: மறுப்பு முதல் வரியிலேயே இருக்கட்டும். வருத்தம் தெரிவித்துவிட்டு நாலாவது பத்தியில் 'முடியாது' என்றால் யாரும் அதுவரை படிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், விஷயம் இப்படி இருக்கலாம்:

"யூபிஐயை 21க்குள் முழுதாக டெஸ்ட் செய்து தர முடியாது. வியாழன் மாலை வரை இருவரும் ரிக்ரஷனில் இருக்கிறோம். மூன்று வழிகள் உண்டு. ஒன்று, 21 ரிலீஸ் அப்படியே போகட்டும். யூபிஐ முழு டெஸ்டுடன் வெள்ளி 28. இரண்டு, ரிலீஸையே செவ்வாய் 25க்குத் தள்ளலாம். பணம் போவது, தோற்பது, பெண்டிங் மூன்றையும் பார்த்திருப்போம், ரீஃபண்டைப் பார்த்திருக்க மாட்டோம். மூன்று, 21லேயே யூபிஐ. பணம் சரியாகப் போவதை மட்டும் பார்ப்போம், அதற்காகக் கூப்பன் ரிக்ரஷனை விடுவோம். எங்கள் பரிந்துரை முதல் வழி. புதன் மதியம் 12க்குள் பதில் வராவிட்டால் அதன்படியே தொடர்வோம்."

'70% கவரேஜ்' என்று மட்டும் எழுதாதீர்கள். விடுபடும் 30% என்னவென்று மேனேஜருக்குத் தெரியாது. பெண்டிங்கை இப்படி விளக்குங்கள்: வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடித்தாயிற்று, நம் சர்வருக்குப் பதில் வரவில்லை, திரையில் 'தோல்வி' என்று வருகிறது. அவர் மறுபடி பணம் கட்டுவார். இதைப் படித்தபின் மூன்றாம் வழியைக் கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: இவ்வளவு எதற்கு? 'நேரமில்லை' என்று ஒரே வரி போதாதா? முடிவு அவர்கள் வேலை.

பதில்: முடிவு அவர்களுடையது என்பது சரி. ஆனால் 'நேரமில்லை' என்றால் 'சனிக்கிழமை வாங்க' என்றுதான் பதில் வரும்.

கேள்வி: என் கிளையன்ட் நடுவில் புது ஸ்கிரீன் கேட்கிறார். கூடுதல் காசு கேட்கலாமா?

பதில்: அது ஒப்பந்த விஷயம், இங்கே பேசுவது தேதி. ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டாம் வழியை எடுத்துக்கொண்டு, ரீஃபண்டில் பக் வந்ததும் 'டெஸ்டிங் என்ன பண்ணினீங்க?' என்று கேட்டால்?

பதில்: கேட்பார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. மெயில் இருந்தது, ஆனால் ஒப்புதலை போனில் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து போனை வைத்த கையோடு 'நீங்கள் சொன்னபடி வழி இரண்டு, ரீஃபண்ட் டெஸ்ட் இல்லை' என்று அதே மெயிலில் பதில் போட்டுவிடுகிறேன். ரிலீஸ் நோட்டிலும் அந்த வரி இருக்கும். அப்படியும் திட்டு விழுவது முழுசாக நின்றுவிடவில்லை. அதற்கு வழி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.