வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இடம் இருக்காது

கேள்வி: மரக் கணக்கெடுப்புக்காகத் தன்னார்வலர்கள் போனில் எடுத்த 180 படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பாதி வாட்ஸ்அப்பில் வந்தவை, மீதி மெயிலிலும் ஆன்லைன் படிவத்திலும் வந்தவை. மேப்பில் போட்டால் 60 படம்தான் தெரிகிறது, அதிலும் மூன்று நடுக்கடலில் நிற்கின்றன. ஒருவர் படத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் லொகேஷனை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவரால் மீட்க முடியாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன் கேமரா படம் எடுக்கும்போது, கோப்புக்குள் படத்தோடு சேர்த்து ஒரு சிறு குறிப்பையும் எழுதி வைக்கிறது. எடுத்த தேதி, நேரம், போனின் மாடல் ஆகியவற்றோடு, லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் இருக்கும். மேப் மென்பொருள் பார்ப்பது இந்தக் குறிப்பை மட்டும்தான். படத்தில் என்ன மரம், என்ன தெரு என்று அது பார்ப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், செயலி படத்தைச் சுருக்கிப் புதுக் கோப்பாக எழுதி அனுப்புகிறது. பழைய குறிப்பு அந்தப் புதுக் கோப்பில் ஏறுவதில்லை. HD என்று தேர்ந்து அனுப்பினாலும் கதை இதுவேதான். உங்களிடம் இருக்கும் கோப்பில் அந்த எண்கள் மறைந்து கிடக்கவில்லை, எழுதப்படவே இல்லை. எழுதப்படாததை எந்த மென்பொருளும் மீட்காது.

அப்படியானால் பணம் வாங்குகிறவர் என்ன தருவார்? பெரும்பாலும் ஊரின் மையப்புள்ளியையோ, மேப்பில் கண்ணால் குத்திய ஒரு புள்ளியையோ படத்துக்குள் எழுதித் தந்துவிடுவார். அப்படி எழுதுவதற்கு இலவசக் கருவிகளே இருக்கின்றன. படமும் மேப்பில் வந்து நிற்கும், நீங்களும் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, பல படங்களுக்குக் கடைசி இலக்கம் வரை ஒரே எண் இருக்கும். நிஜமாக எடுத்த படங்களில் நின்ற இடத்திலேயே நின்று எடுத்தாலும் கடைசி இலக்கங்கள் பெரும்பாலும் கொஞ்சம் ஆடும். இன்னொன்று, அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் இருக்கும், உயரமோ செயற்கைக்கோள் நேரமோ இருக்காது. போன் எழுதிய குறிப்பில் இவை பெரும்பாலும் கூடவே வரும். பொய்யான புள்ளி, புள்ளியே இல்லாததைவிட மோசமானது. காலியாக இருந்தால் தேடுவீர்கள், பொய்யாக இருந்தால் நம்பிவிடுவீர்கள்.

முதலில் எந்தப் படத்தில் இடம் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரியுங்கள். 180 படத்தையும் கணினியில் photos என்ற ஒரே ஃபோல்டரில் போட்டு, படத்தின் குறிப்பைப் படிக்கும் ExifTool என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, அந்த ஃபோல்டர் இருக்கும் இடத்திலிருந்து இந்த ஒரு கட்டளையைக் கொடுங்கள்:

```
exiftool -csv -n -r -FileName -DateTimeOriginal -Composite:GPSLatitude -Composite:GPSLongitude -GPSTimeStamp photos > list.csv
```

வரும் list.csv கோப்பை எக்செல் போன்ற எதிலும் திறக்கலாம். ஒரு படத்துக்கு ஒரு வரி. GPSLatitude கட்டம் காலியாக இருப்பவை எல்லாம் இடம் இல்லாத படங்கள். அவற்றின் கோப்புப் பெயரைப் பாருங்கள். IMG-20240316-WA0007.jpg என்பதுபோல் நடுவில் WA வந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்தது. அந்தப் பெயரில் உள்ள தேதியைப் படம் எடுத்த தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வாட்ஸ்அப்பில் கைமாறிய தேதி.

கட்டளை எழுதப் பயமாக இருந்தால் QGIS என்ற இலவச மேப் மென்பொருள் போதும். அதில் Processing Toolbox திறந்து, Import geotagged photos என்று தேடுங்கள். ஃபோல்டரைக் காட்டினால் இடம் உள்ள படங்களைப் புள்ளிகளாக மேப்பில் வைத்துவிடும். Invalid photos table என்ற இடத்திலும் ஒரு கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பலரும் இதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். மேப்பில் வராத படங்களின் பட்டியல் அதில்தான் கிடைக்கும்.

இனி இடம் இல்லாதவற்றை எடுத்தவர்களிடம் திரும்பக் கேட்க வேண்டியதுதான். கேட்கும் விதம் முக்கியம். 'படத்தை மறுபடி அனுப்புங்கள்' என்றால் அதே வெறும் படம் மறுபடி வரும். வாட்ஸ்அப்பின் Sent ஃபோல்டரில் இருப்பதும் சுருங்கிய படம்தான். கேமரா எடுத்த மூலக்கோப்பு, ஆண்ட்ராய்ட் போனில் DCIM ஃபோல்டருக்குள் இருக்கும் Camera ஃபோல்டரில் இருக்கும். அதை வாட்ஸ்அப்பிலேயே Document என்று தேர்ந்து அனுப்பலாம். அப்போது கோப்பு சுருங்காமல் அப்படியே போகும். ஐபோன்காரர்கள் ஷேர் செய்யும்போது மேலே Options என்று இருப்பதைத் தொட்டு Location ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யூஎஸ்பி கேபிளில் நகலெடுப்பதே நிச்சயமான வழி. ஒவ்வொருவரிடமும் முதலில் ஒரே ஒரு படத்தை வாங்கிச் சோதித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

மெயிலிலும் படிவத்திலும் வந்த படங்களில் ஏன் இடம் காணாமல் போனது என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். ஆண்ட்ராய்ட் 10 முதல், ஒரு செயலிக்குத் தனி அனுமதி இல்லாவிட்டால் படத்தைத் தரும்போதே லொகேஷனை எடுத்துவிட்டுத்தான் போன் தருகிறது. பிரவுசரில் 'படத்தைத் தேர்வு செய்க' என்று அழுத்தியதும் வரும் புது போட்டோ பிக்கரும் இதையே செய்கிறது. ஒருவர் வீட்டு முகவரி தெரியாத்தனமாக வெளியே போகக்கூடாது என்ற நோக்கம் சரிதான். ஆனால் எடுத்துவிட்டேன் என்று அனுப்புகிறவருக்கு ஒரு வரி சொல்லக்கூடாதா? கேலரியில் பார்த்தால் அவருக்கு மேப்போடு படம் தெரிகிறது, உங்களுக்கு வெறும் படம் வருகிறது, இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இடம் தெரிந்தால்தான் பயன் என்ற வேலைக்குப் படிவம் அமைக்கிறவர்களும், பதிவேற்றிய கோப்பில் இடம் இருக்கிறதா என்று சோதிப்பதே இல்லை. படம் ஏறிய நொடியில் 'இதில் லொகேஷன் இல்லை' என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சலே வந்திருக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிலர் படத்தின் கீழே தேதி, முகவரி, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அச்சாகும் கேமரா செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த எழுத்து படத்தின் ஒரு பகுதி. அதனால் வாட்ஸ்அப் சுருக்கினாலும் அழியாது. மேப் மென்பொருளுக்கு அந்த எழுத்து தெரியாது, உங்கள் கண்ணுக்குத் தெரியும். list.csv-இல் அந்தப் படத்தின் காலிக் கட்டங்களில் அந்த எண்களை நீங்களே தட்டச்சு செய்யலாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். படத்தில் 12° 34' 30" என்று இருந்தால் 12.3430 என்று தட்டிவிடுகிறார்கள். மேப் கேட்பது தசம பாகை. நிமிடத்தை 60-ஆலும், விநாடியை 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும்:

```
12 + 34/60 + 30/3600 = 12.575
```

இரண்டுக்கும் வித்தியாசம் 0.232 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், மரம் 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். படத்தில் 12.575000 என்று தசமமாகவே இருந்தால் அப்படியே எழுதுங்கள். தெற்கு, மேற்கு என்று இருந்தால் முன்னால் கழித்தல் குறி போடுங்கள். எழுத்து மங்கலாக இருந்து 3-ஆ 8-ஆ என்று சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் விட்டுவிடுங்கள். அப்படித் தட்டச்சு செய்த வரிகளுக்கு எதிரே தனிக் கட்டத்தில் 'படத்திலிருந்து படித்தது' என்று குறித்து வையுங்கள். அந்த எழுத்தை யாரும் எந்தப் படத்தின் மேலும் ஒட்டிவிட முடியும். ஆகவே அது போன் கேமரா எழுதிய குறிப்புக்குச் சமமான சான்று ஆகாது.

கடலில் நிற்கும் மூன்று படங்களுக்கு வருவோம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அருகே கினி வளைகுடாவில் நின்றால், இரண்டு எண்ணும் பூஜ்யம் என்று பொருள். போனுக்கு இடம் கிடைக்காமல் 0, 0 என்று எழுதிவிட்டது. அவற்றையும் இடம் இல்லாத பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வேறு எங்காவது கடலில் நின்றால், பட்டியலை மேப்பில் ஏற்றும்போது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். QGIS-இல் X என்றால் தீர்க்கரேகை, Y என்றால் அட்சரேகை.

சரியாக விழுந்ததாகத் தோன்றும் 57 படங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேமராவைத் திறந்த உடனே படம் எடுத்தால், போன் சில சமயம் புது இடத்தைப் பிடிப்பதற்குள் கடைசியாகத் தெரிந்த பழைய இடத்தை எழுதிவிடும். list.csv-இல் DateTimeOriginal உள்ளூர் நேரம், GPSTimeStamp உலகப் பொது நேரம். ஒரே ஊரில் எடுத்த படங்களில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு படத்தில் மட்டும் அது 18 நிமிடம் கூடியிருந்தால், அந்த இடம் 18 நிமிடத்துக்கு முன் போன் இருந்த இடம். அந்தப் புள்ளி பெரும்பாலும் முந்தைய மரத்தின் மேலேயோ, வந்த வழியிலேயோ விழுந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் திறந்த வெளியில் போன் காட்டும் இடம் 5 மீட்டர் வரை முன்பின் இருக்கும். கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மர நிழலிலும் இன்னும் கூடும். மூன்று மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு மரங்களை இந்தப் புள்ளிகளை வைத்துப் பிரிக்க முடியாது. அவற்றுக்கு எண் எழுதிய அட்டையை மரத்தோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும்.

எடுக்கும்போதே கேமராவில் லொகேஷன் ஆஃப் ஆகியிருந்த படங்களுக்கு மூலக்கோப்பு கிடைத்தும் பயனில்லை. அந்த மரத்துக்கே மறுபடி போய் எடுப்பதுதான் வழி. போகும் முன் கேமராவின் செட்டிங்ஸில் லொகேஷன் டேக் ஆன் ஆகியிருக்கிறதா, போனில் கேமராவுக்குத் தந்த அனுமதி துல்லியமான இடத்துக்கா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐபோனில் Precise Location ஆஃப் ஆகியிருந்தால் புள்ளி சில கிலோமீட்டர் தள்ளியே விழும். மரத்தடியில் கேமராவைத் திறந்து அரை நிமிடம் நின்றுவிட்டு எடுக்கட்டும். முதல் படத்தை எடுத்ததும் கேலரியில் அதன் விவரத்தைத் திறந்து, மேப்பில் தான் நிற்கும் இடமே தெரிகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த மரத்துக்குப் போகட்டும்.