கோடு, நடே, பின்: மூன்றும் தமிழ் போலத் தெரியும், தமிழல்ல

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் தோழியின் காலஞ்சென்ற அப்பா சிங்களத்தில் எழுதிய சிவனொளிபாத யாத்திரை நூலைத் தமிழாக்குகிறேன். கோடு, நடே, தன்சல், கிரிபத் என்று பக்கத்துக்குப் பத்துச் சொல் மறிக்கிறது. அடிக்குறிப்பு போட்டு மாளவில்லை. ஒருவர், பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு முடித்துத் தருகிறேன், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் முத்திரையும் போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: டீச்சர், கொடுக்க வேண்டாம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

சிங்களச் சொல்லை அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிட்டு அடிக்குறிப்பு போடுவது சுலபமான வழியாகத் தெரியும். இந்த நூலில் அது சரிவராது. 'கோடு' என்றால் தமிழில் கோடுதான். முதன்முறை மலையேறுகிறவரைச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று முப்பதாம் பக்கத்தில் வாசித்தவர் அறுபதாம் பக்கத்தில் மறந்திருப்பார். யாத்திரைக் கூட்டத்தைக் குறிக்கும் 'நடே'யை அச்சுக்குப் போகும்போது பிழைதிருத்துபவர் நல்லெண்ணத்தோடு 'நடை' ஆக்கிவிடுவார். புண்ணியத்தைக் குறிக்கும் 'பின்'னை 'பின் கொடுத்தார்கள்' என்று எழுதினால், பிறகு எதையோ கொடுத்ததாகத்தான் படிப்பார்கள். ஆகவே எந்தச் சிங்களச் சொல்லையும் எடுத்தவுடன் தமிழெழுத்தில் எழுதி, 'இதே எழுத்தில் தமிழில் வேறு சொல் உண்டா' என்று பாருங்கள். உண்டென்றால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால், 'தன்சல்' போல, அப்படியே வைக்கலாம். நம் பத்திரிகைகளிலும் அது அப்படித்தான் வருகிறது. அன்னதானம் என்று மாற்றாதீர்கள், தன்சலில் கொத்தமல்லித் தண்ணியும் கொடுப்பார்கள், ஐஸ்கிரீமும் கொடுப்பார்கள்.

தமிழில் சொல்லப் போகும்போதுதான் அடுத்த குழி. சபரிமலைக்கு மாலை போடுகிற ஊர் நம்முடையது. முதன்முறை போகிறவர் என்றதும் 'கன்னிசாமி' என்று கை எழுதிவிடும், கூட்டத்தை நடத்தும் பெரியவர் என்றதும் 'குருசாமி' வந்துவிடும். இரண்டும் வேண்டாம். கன்னிசாமி என்றால் மாலை, விரதம், இருமுடி எல்லாம் கூடவே வந்து நிற்கும். சிவனொளிபாதத்துக்கு முதன்முறை ஏறுகிறவர் எழுபது வயதுப் பாட்டியாகவும் இருப்பார், தகப்பன் தோளில் தூங்கும் குழந்தையாகவும் இருக்கும். அந்தப் பாட்டியைக் கன்னிசாமி என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார், மூலத்திலோ சிரிப்பில்லை. பெரியவரைத் 'தலைவர்' என்றும் போடக்கூடாது. தோட்டத்தில் தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர்தான்.

ஒரு பத்தியைச் செய்து பார்ப்போம். இந்திகட்டுபான என்ற இடத்தில், 'நடே குரா' கோடுகளை ஊசி நூல் எடுக்கச் சொல்கிறார் என்று மூலத்தில் வருகிறது. புத்தர் தம் சீவரத்தைத் தைத்த இடம் அது என்பது நம்பிக்கை. ஊசியில் நூல் கோத்து அங்கே குத்திவிட்டு, நூலை அவிழ்த்துக்கொண்டே மேலே போவார்கள். அடிக்குறிப்புக்காரர் இதை இப்படி எழுதுவார்: 'நடே குரா¹ கோடுகாரர்களை² இந்திகட்டுபானவில்³ நூல் கட்டச் சொன்னார்.' ஒரு வரிக்கு மூன்று குறிப்பு, கதை நின்றுவிட்டது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'புத்தர் சீவரம் தைத்த இடம் என்று சொல்லப்படும் இந்திகட்டுபானவுக்கு வந்ததும், கூட்டத்துப் பெரியவர் எங்களில் முதன்முறை ஏறுகிறவர்களை ஊசியும் நூலும் எடுக்கச் சொன்னார்.' இடப்பெயர் அப்படியே நிற்கிறது, விளக்கம் வாக்கியத்துக்குள்ளேயே ஐந்தாறு சொல்லில் கரைந்துவிட்டது. அடிக்குறிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு அத்தியாயத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போனால் வாக்கியத்தில்தான் ஏதோ பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கிரிபத்துக்குப் 'பாற்சோறு' இங்கே எல்லாருக்கும் தெரியும். நூல் தமிழ்நாட்டுக்கும் போகுமானால் முதல் தடவை மட்டும் 'தேங்காய்ப்பாலில் குழைய வைத்து, பரப்பி, சாய்சதுரமாக வெட்டிய பாற்சோறு' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பசும்பாலில் சீனி போட்டதைத்தான் நினைப்பார்கள். கித்துள் கருப்பட்டியை அகராதி பார்த்துக் 'கூந்தற்பனை வெல்லம்' ஆக்காதீர்கள். சரியான சொல்தான், ஆனால் தேத்தண்ணிக்கு அதைக் கடித்துக் குடிக்கும் எவரும் அப்படிச் சொல்வதில்லை. அரசு வெளியிடும் சொற்றொகுதிகளையும் இதற்குத் தேடிப் பிரயோசனமில்லை. சுற்றறிக்கைக்கு வேண்டிய சொல் எல்லாம் அவற்றில் இருக்கும், சட்டியில் கிண்டுகிற எதுவும் இருக்காது. இரண்டு மொழியும் அரசகரும மொழி என்று சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக ஆங்கிலத்தைச் சுற்றி வரவைக்கிற நாடு இது.

அந்தச் சுற்றுவழியில்தான் உங்கள் ஆளும் போவார். பக்கக் கணக்குக்கு வேலை பிடிப்பவர்களில் பலர் சிங்களத்தை யாரிடமோ கொடுத்து ஆங்கிலமாக்கி, அதைத் தமிழாக்கித் தருவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பக்கம் மாதிரி கேளுங்கள், மலையின் பெயர் வரும் பக்கமாகப் பார்த்துக் கொடுங்கள். சமனல கந்த 'வண்ணத்துப்பூச்சி மலை'யாகத் திரும்பி வந்தால், உல்லாசப் பயணிகளின் ஆங்கிலக் கையேட்டு வழியாகத்தான் வந்திருக்கிறது. சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி என்பது உண்மை. ஆனால் யாத்திரை போகிறவர் மனதில் இருப்பது அந்த மலைக்குரிய சமன் தெய்வம். தன்சல் 'பிச்சை மண்டபம்' ஆகியிருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

முத்திரைக்குக் காசு கொடுப்பது வீண். பிறப்புச் சான்றிதழ், உறுதி, நீதிமன்ற ஆவணம் போன்றவற்றுக்குத்தான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பயணநூலுக்கு அது ஒட்டாத பொட்டு. உங்களுக்கு உண்மையில் வேண்டிய காகிதத்தைப் பற்றி அவர் வாயே திறந்திருக்க மாட்டார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமை எழுதியவருடையது. அவர் இறந்து 70 ஆண்டு வரை அது வாரிசுகளிடம் இருக்கும். தோழி வாயால் சொன்னது போதாது. அவரும் அவருடைய சகோதரர்களும் சேர்ந்து ஒப்பமிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சான பிறகு ஒரு அண்ணன் வந்து நிற்பது நடக்காத காரியமல்ல. பதிப்பகத்தோடு அப்பா ஏதும் ஒப்பந்தம் செய்திருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ், கடைசிவரை ஒரே எழுத்து என்பதுதான் முறை. அதற்காக ஒரு கொப்பியில் சொல், பக்கம், நீங்கள் தீர்மானித்த தமிழ் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலையின் பெயரில் மட்டும் இந்த முறையை உடைக்க வேண்டும். நூலாசிரியர் தம் வாயால் சொல்லும்போது 'ஸ்ரீபாத'. நல்லதண்ணியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் தமிழர் பேசும்போது 'சிவனொளிபாதம்'. வழியில் சேரும் முஸ்லிம் வியாபாரி சொன்னால் 'பாவாத மலை', ஏனென்றால் அவருக்கு அது ஆதம் நபியின் பாதம். மூலத்தில் மூன்று பேரும் சிங்களத்தில் ஒரே பெயரைச் சொல்வதாக எழுதியிருக்கலாம். எழுதியவர் தம் மொழியில் கேட்டதை எழுதினார். ஆனால் கடைக்காரர் தமிழர் என்று நூலே சொல்லும்போது, தமிழ்ப் புத்தகத்தில் அவரை 'ஸ்ரீபாத' என்று பேசவைத்தால் மஸ்கெலியாவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பேசுகிறவர் யாரென்று நூல் சொல்லாத இடங்களில் 'மலை' என்று மட்டும் போடுங்கள். தலைப்பில் எது வேண்டும் என்பதை வாரிசுகளிடம் கேட்டு, சம்மதக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.